ஒலியனும் மாற்றொலியும்

இந்தியில் க, ப ஆகியவற்றின் வரிசைகளில் நான்கு நான்கு எழுத்துகள் இருக்க, தமிழில் ஒவ்வொன்றே இருப்பது குறை எனச் சிலர் கூறுவர். இது குறைதானா என்பதைச் சற்று ஆராய்வோம்.

'பம்பரம்' என்ற சொல்லை, தொண்டையில் விரல் வைத்து மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். முதற் பகரத்திற்கு உதடுகள் மூடியிருக்கும்போது தொண்டையில் அதிர்வு இல்லை. மகர மெய்யை அடுத்த பகரத்திலோ அதிர்வு அறுபடாமல் தொடர்கிறது. எழுத்து ஒன்று, ஒலிகள் இரண்டு. ககரமும் அப்படியே: 'கல்' என்பதில் வல்லொலி; 'தங்கம்' என்பதில் அதிர்வொலி; 'மகன்' என்பதில் இன்னும் மெலிந்த ஒலி.

இனி ஒரு சோதனை. 'கல்' என்பதில் ககரத்தை நீக்கிப் பகரத்தை வைத்தால் 'பல்' ஆகிறது, பொருள் மாறிவிட்டது. இவ்வாறு பொருளை வேறுபடுத்தும் ஒலியே ஒலியன். ஆனால் 'தங்கம்' என்பதைக் 'கல்'லில் வரும் வல்லொலியோடு சொன்னால் கேட்பவர் நகைப்பாரேயன்றி, வேறு பொருள் கொள்ளார். மேலும், தமிழ்ச் சொற்களில் ஒன்று வரும் இடத்தில் மற்றொன்று வருவதில்லை: சொல் முதலிலும் இரட்டிக்கும்போதும் வல்லொலி, மெல்லினத்தின் பின் அதிர்வொலி. 'திருப்பரங்குன்றம்' என்ற ஊர்ப் பெயரிலேயே இரண்டும் உள்ளன. இவ்வாறு இடத்திற்கேற்ப ஓர் ஒலியன் கொள்ளும் வடிவங்களே மாற்றொலிகள்.

ஒரு மொழியின் மாற்றொலி இன்னொரு மொழியில் ஒலியனாக இருக்கலாம். ஆங்கிலத்தில் குண்டூசியைக் குறிக்கும் 'பின்' வேறு, குப்பைத் தொட்டியைக் குறிக்கும் 'பின்' வேறு. சொல் முதலில் இவ்விரண்டையும் பிரித்தறிந்து பழகாததால்தான் ஆங்கிலம் பயிலும் நாம் தடுமாறுகிறோம். ஆங்கிலேயருக்கும் இத்தகைய இடர் உண்டு. அவர்கள் குண்டூசியைச் சொல்லும்போது பகரத்தோடு மூச்சுக் காற்று வெடித்து வரும். 'ஸ்பின்' என்னும்போது அவ்வாறு வராது. அவ்வேறுபாட்டை அவர்கள் உணர்வதே இல்லை. இந்தியிலோ மூச்சின்றிச் சொன்னால் 'கணம்', மூச்சோடு சொன்னால் 'பழம்'!

தமிழிலும் ஓர் எல்லை உண்டு. இரக்கத்தைக் குறிக்கும் 'பாவம்' வல்லொலியில் தொடங்குகிறது. நடனத்தில் முகக் குறிப்பைச் சொல்லும் 'பாவம்' அதிர்வொலியில் தொடங்குகிறது. வடசொல் வரவால் இங்கே ஒலி வேறுபாடு பொருளைப் பிரித்துவிட்டது. இத்தகைய கடன் சொற்களில்தான் நம் எழுத்துக்கு இடர் நேர்கிறது.

தமிழ்ச் சொற்களிலோ, இடமே ஒலியைக் காட்டிவிடுவதால் தனி எழுத்து வேண்டுவதில்லை. மாறாக ல, ள, ழ மூன்றும் தனித்தனி ஒலியன்கள். ஆகவே தனித்தனி எழுத்துகள் பெற்றன. மதுரைப் பேச்சில் பலர் 'மழை'யை 'மளை' என்பதுண்டு. 'வலி', 'வளி', 'வழி' மூன்றையும் உரக்கச் சொல்லுங்கள். அருகிலிருக்கும் தோழி எழுதட்டும். அவள் மூன்றையும் சரியாகப் பிரித்து எழுதினால், உங்கள் நாவில் மூன்று ஒலியன்களும் உள்ளன என அறியலாம்.