முந்நூறு வெள்ளி வட்டியும் ஐந்து மூட்டை அரிசியும்

சிங்கப்பூரில் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவர், தம் சேமிப்புக் கணக்கிலிருந்து 10,000 வெள்ளியை எடுத்து ஓராண்டு நிரந்தர வைப்புத்தொகையாகப் போட்டார் என்று வைத்துக்கொள்வோம். வங்கி தரும் வட்டி 3 விழுக்காடு. ஆண்டு முடிவில் 300 வெள்ளி வட்டி கிடைக்கும். வங்கி அறிவிக்கும் இந்த 3 விழுக்காடே பெயரளவு வருவாய். அவர் உண்மையில் பெற்ற பயன் எவ்வளவு?

முதலில் கட்டணத்தைப் பார்ப்போம். பெரும்பாலும் வைப்புத்தொகைக்குக் கட்டணம் இல்லை. ஆனால், பணத்தை எடுத்த பிறகு அவருடைய சேமிப்புக் கணக்கில் 200 வெள்ளிதான் மிஞ்சியது. கணக்கில் குறைந்தபட்சத் தொகை இல்லையென்றால் சில வங்கிகள் மாதந்தோறும் கட்டணம் பிடிக்கும். அது மாதம் 2 வெள்ளி என்றால், ஆண்டுக்கு 24 வெள்ளி. ஆகவே, வட்டியில் மிஞ்சுவது 276 வெள்ளி.

அடுத்தது பணவீக்கம். பொருள்களின் விலை பொதுவாக உயர்வதையே பணவீக்கம் என்கிறோம். அவ்வாண்டு விலைகள் 4 விழுக்காடு உயர்ந்ததாகக் கொள்வோம். 25 வெள்ளிக்கு விற்ற அரிசி மூட்டை 26 வெள்ளியாகிவிடும். தொடக்கத்தில் 10,000 வெள்ளிக்கு 400 மூட்டைகள் வாங்கியிருக்கலாம். இப்போது அவரிடம் உள்ள 10,276 வெள்ளியை 26ஆல் வகுத்தால் 395 மூட்டைகளே கிடைக்கும். பணம் கூடியிருக்கிறது, அதன் வாங்கும் சக்தியோ குறைந்திருக்கிறது. இந்த வாங்கும் சக்தியின் மாற்றமே மெய் வருவாய். இங்கே அது ஏறத்தாழ 1.2 விழுக்காடு இழப்பு.

அப்படியானால் வைப்புத்தொகை வீணா? அன்று. பணத்தை வீட்டிலேயே வைத்திருந்தால் 384 மூட்டைகள்தான் வாங்க முடியும். வட்டி அவருடைய இழப்பைப் பெருமளவு குறைத்திருக்கிறது.

மெய் வருவாய் எப்போதும் இழப்பாக அமைவதில்லை. சிங்கப்பூரின் சராசரிப் பணவீக்கம் 2023ஆம் ஆண்டில் 4.8 விழுக்காடு, 2024ஆம் ஆண்டில் 2.4 விழுக்காடு. கட்டணமே இல்லாத 3 விழுக்காட்டு வட்டியை இவற்றுடன் ஒப்பிட்டால், முன்னதில் இழப்பும் பின்னதில் சிறு ஆதாயமும் தெரியும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. வட்டி விகிதம் பணம் போடும் நாளிலேயே உறுதியாகிவிடுகிறது. பணவீக்கமோ ஆண்டு கடந்த பிறகுதான் தெரியவருகிறது. அதோடு, பணவீக்கம் என்பது பல பொருள்களின் விலையைச் சேர்த்துக் கணக்கிடும் சராசரி. மருந்துக்கு அதிகம் செலவிடும் முதியவருக்கு விலையேற்றம் அதைவிடக் கூடுதலாக இருக்கலாம். விலையேற்றத்தைத் தடுப்பது ஓட்டுநரின் கையில் இல்லை. ஆனால், தேவையான தொகையைச் சேமிப்புக் கணக்கில் விட்டு வைத்திருந்தால், அந்த 24 வெள்ளியை அவர் இழந்திருக்க மாட்டார்.