வட்டி 2 சதவீதம்: மாதத்துக்கா, வருடத்துக்கா?



இந்த மாதப் பாடத்தை ஒரு சின்னக் கணக்கோடு தொடங்குவோம். பக்கத்தில் இருக்கும் உறுப்பினரையும் சேர்த்துக்கொண்டு, பேப்பர் பேனா எடுத்துப் போட்டுப் பாருங்கள்.

"குழுவில் 10,000 ரூபாய் கடன். வட்டி 2 சதவீதம். ஒரு வருடம் கழித்து மொத்தமாகக் கட்டினால் வட்டி எவ்வளவு?"

இது நாங்கள் யோசித்து எழுதிய கணக்கு இல்லை. நாங்கள் போய்வரும் ஒரு குழுவில் உண்மையிலேயே வந்த கணக்கு. அந்தக் குழுவில் இதற்கு மூன்று பேர் மூன்று விடை சொன்னார்கள். அதனால் ஒரு அக்கா இரண்டு கூட்டத்துக்கு வராமலும் சந்தா கட்டாமலும் நின்றுவிட்டார்.

நடந்தது என்ன?

அந்த அக்கா கரும்பு போட்டிருந்தார். உரத்துக்கும் ஆள் கூலிக்கும் பணம் போதவில்லை என்று குழுவில் கடன் கேட்டார். "கரும்பு வெட்டி ஆலைப் பணம் வந்ததும் வட்டியும் முதலுமா ஒரே தடவையில கட்டிடறேன்" என்றார். எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். தீர்மான நோட்டில், "ரூ.10,000 கடன், வட்டி 2%, ஓராண்டு" என்று எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள்.

வருடம் முடிந்து பணத்தோடு வந்தார். அன்றைக்குத்தான் தகராறு.

அக்கா கொண்டுவந்தது 12,400 ரூபாய். "ரெண்டு வட்டின்னா மாசம் நூத்துக்கு ரெண்டு ரூபா. பத்தாயிரத்துக்கு மாசம் 200. பன்னெண்டு மாசத்துக்கு 2,400. சரியாத்தானே இருக்கு?" என்றார்.

கணக்கு எழுதும் ஊக்குநர் கேட்டது 12,682 ரூபாய். "நீங்க மாசாமாசம் வட்டி கட்டல. கட்டாத வட்டிய முதலோட சேர்த்துத்தான் எழுதிக்கிட்டு வந்தேன்" என்று கடன் பேரேட்டைக் காட்டினார்.

இதற்கிடையில் கல்லூரியில் படிக்கும் அக்காவின் மகன் நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "2 சதவீதம்னு மட்டும்தான் எழுதியிருக்கு. பள்ளிக்கூடத்துல சதவீதம்னா வருஷத்துக்குத்தான் போடுவோம். அப்படின்னா வட்டி 200 ரூபாதான்" என்றான்.

200, 2,400, 2,682. நாங்கள் மூன்றையும் போட்டுப் பார்த்தோம். யாரும் கூட்டலிலோ பெருக்கலிலோ தப்புச் செய்யவில்லை. தப்பு கேள்வியில் இருந்தது. தீர்மானத்தில் இரண்டு விஷயம் எழுதாமல் விட்டுப்போயிருந்தது.

விட்டுப்போன முதல் விஷயம்: மாதமா, வருடமா?

நம்ம ஊர்ப் பேச்சில் வட்டி என்றாலே மாதக் கணக்குதான். "ஒரு வட்டி", "ரெண்டு வட்டி" என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய். "முக்கா வட்டி" என்றால் மாதம் 75 பைசா. வங்கியிலும் கூட்டுறவுச் சங்கத்திலும் காகிதத்தில் எழுதுவது வருடக் கணக்கு. இரண்டு இடத்திலும் "வட்டி" என்ற ஒரே சொல்தான். ஆனால் அளவு வேறு. படியில் அளந்ததையும் மரக்காலில் அளந்ததையும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது அல்லவா?

இதனால் நஷ்டப்படுகிறவர்கள் உண்டு. வங்கிக்காரர் "12 சதவீத வட்டி" என்று சொன்னதும், "அம்மாடி, பன்னெண்டு வட்டியா! வெளியில ரெண்டு வட்டிக்கே கிடைக்குதே" என்று எழுந்து வந்தவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். வங்கி சொன்னது வருடத்துக்கு 12. அதை 12 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 1 ரூபாய். நம்ம பேச்சில் சொன்னால் அது "ஒரு வட்டி". வெளியில் வாங்கும் இரண்டு வட்டி அதைப்போல் இரண்டு மடங்கு. 10,000 ரூபாய்க்கு வங்கியில் மாதம் 100 ரூபாய், வெளியில் 200 ரூபாய்.

ஆகவே ஒப்பிடுவதற்கு முன் இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவர வேண்டும். மாத வட்டியை 12 ஆல் பெருக்கினால் வருட வட்டி. வருட வட்டியை 12 ஆல் வகுத்தால் மாத வட்டி.

விட்டுப்போன இரண்டாவது விஷயம்: தனி வட்டியா, கூட்டு வட்டியா?

தனி வட்டி என்றால் வாங்கிய முதலுக்கு மட்டும் வட்டி. எத்தனை மாதம் ஆனாலும் 10,000 ரூபாய்க்கு மாதம் 200 தான். அக்கா போட்டது இந்தக் கணக்கு.

கூட்டு வட்டி என்றால் கட்டாத வட்டி முதலோடு சேரும். பிறகு அதற்கும் வட்டி ஓடும். இதைத்தான் "வட்டிக்கு வட்டி" என்கிறோம். ஊக்குநர் எழுதிய கணக்கைப் பாருங்கள்.

முதல் மாதம் வட்டி 200. பாக்கி 10,200 ஆகிறது.
இரண்டாம் மாதம் 10,200 க்கு வட்டி 204. பாக்கி 10,404.
மூன்றாம் மாதம் 10,404 க்கு வட்டி 208. பாக்கி 10,612.

இப்படியே போனால் 12 ஆம் மாத முடிவில் பாக்கி 12,682 ரூபாய்.

ஒரு வருடத்தில் இரண்டு கணக்குக்கும் வித்தியாசம் 282 ரூபாய்தான். ஆனால் நாள் ஆக ஆக இந்த இடைவெளி பெரிதாகும். அதே கடனை மூன்று வருடம் கட்டாமல் விட்டால் தனி வட்டியில் வட்டி 7,200 ரூபாய். மாதாமாதம் சேரும் கூட்டு வட்டியில் வட்டி சுமார் 10,400 ரூபாய், அதாவது வாங்கிய முதலையே தாண்டிவிடும். கடன் இரண்டு மடங்காக தனி வட்டியில் 50 மாதம் ஆகும். கூட்டு வட்டியில் சுமார் 35 மாதமே போதும்.

கூட்டு வட்டி என்று சொன்னால் இன்னொன்றும் கேட்க வேண்டும்: எத்தனை மாதத்துக்கு ஒரு முறை வட்டியை முதலோடு சேர்ப்பார்கள்? வருடத்துக்கு ஒரு முறைதான் சேர்ப்பது என்றால், முதல் வருட முடிவில் வட்டி 2,400 தான். அதுவரை தனி வட்டிக்கும் இதற்கும் வித்தியாசமே இல்லை. மாதாமாதம் சேர்த்ததால்தான் 2,682 ஆனது.

பிரச்சனை எப்படித் தீர்ந்தது?

ஊக்குநர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. "அந்த வட்டி மாசாமாசம் வந்திருந்தா இன்னொருத்தருக்குக் கடன் கொடுத்திருப்போம். குழுவுக்கு வருமானம் வந்திருக்கும்" என்றார். கூட்டு வட்டி கேட்பதற்குக் காரணமே இதுதான். ஆனால் கடன் கொடுத்த அன்று இதை யாரும் அக்காவிடம் சொல்லவில்லை, நோட்டிலும் எழுதவில்லை. மொத்தமாகக் கட்டுவதற்குக் குழுவே ஒத்துக்கொண்டும் இருந்தது. சொல்லாத வட்டியைப் பிறகு கேட்பது முறையில்லை என்று உறுப்பினர்கள் பேசி முடிவு செய்தார்கள். மகன் சொன்ன 200 ரூபாயையும் ஏற்கவில்லை. அந்தக் குழுவில் எல்லா உறுப்பினரும் மாத வட்டிதான் கட்டிவருகிறார்கள், அக்காவுக்கும் அது தெரியும். 12,400 ரூபாய் வாங்கிக்கொண்டு கடனை முடித்தார்கள். அடுத்த கூட்டத்துக்கு அக்கா வந்தார்.

அன்றிலிருந்து அந்தக் குழு தீர்மானத்தை இப்படி எழுதுகிறது:

"ரூ.10,000 கடன். வட்டி மாதம் நூற்றுக்கு 2 ரூபாய், அதாவது வருடத்துக்கு 24 சதவீதம். தனி வட்டி. கட்டாத வட்டி முதலோடு சேர்க்கப்படாது. 12 மாதம் கழித்துக் கட்ட வேண்டிய மொத்தத் தொகை ரூ.12,400."

கடைசி வரியைக் கவனியுங்கள். சதவீதம் புரியாதவர்களுக்கும் ரூபாய் புரியும். கட்ட வேண்டிய மொத்தத் தொகையை எழுதிவிட்டால், மற்ற எதில் குழப்பம் இருந்தாலும் அன்றைக்கே வெளியே வந்துவிடும்.

வெளியில் கடன் வாங்கும்போதும் இதையே கேளுங்கள். வங்கியும் நிதி நிறுவனமும் தனிநபர்களுக்குப் புதிதாகக் கொடுக்கும் தவணைக் கடனுக்கு, வட்டி, கட்டணம், வருடச் சதவீதம் எல்லாம் எழுதிய விவரத்தாளை 2024 அக்டோபர் 1 முதல் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. கடன் வாங்குபவருக்குப் புரிகிற மொழியில் அது இருக்க வேண்டும். கையெழுத்துப் போடும் முன் அந்தத் தாளைக் கேட்டு வாங்கி, யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

சேமிப்பிலும் இதே கேள்விதான்

கடனில் நமக்குப் பாரமாக இருக்கும் கூட்டு வட்டி, சேமிப்பில் நமக்குத் துணை. தபால் நிலையத்தின் கிசான் விகாஸ் பத்திரத்துக்கு 2023 ஏப்ரலில் 7.5 சதவீத வட்டி என்றும், 115 மாதத்தில் பணம் இரட்டிப்பாகும் என்றும் அறிவித்தார்கள். அது வருடத்துக்கு ஒரு முறை சேரும் கூட்டு வட்டி. அதே 7.5 சதவீதம் தனி வட்டியாக இருந்தால் இரட்டிப்பாக 160 மாதம் ஆகும். கிட்டத்தட்ட நாலு வருடம் கூடுதல். இந்த வட்டி விகிதம் அவ்வப்போது மாறும் என்பதால், பணம் போடும் அன்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

வைப்பில் போட்டு வட்டியை மாதாமாதம் கையில் வாங்கிச் செலவு செய்தால், வட்டிக்கு வட்டி சேராது. அதையும் மனதில் வையுங்கள்.

குழுவில் போட்டுப் பார்க்க

அடுத்த கூட்டத்தில் கீழே உள்ள மூன்றையும் வாசித்து, "இதில் என்ன விட்டுப்போச்சு?" என்று பேசுங்கள்.

1. "8,000 ரூபாய் கடன், 18 சதவீதம், ஒரு வருடம். வட்டி எவ்வளவு?"

2. "வெளியில் 3 வட்டி, வங்கியில் 11 சதவீதம். எது குறைவு?"

3. "5 வருடத்தில் பணம் இரட்டிப்பு. அப்படியானால் வட்டி 20 சதவீதம்தானே?"

விடைகள்: முதல் கேள்வியில் இரண்டுமே விட்டுப்போயிருக்கிறது. வருடத்துக்கு 18, தனி வட்டி என்றால் 1,440 ரூபாய். மாதத்துக்கு 18 என்றால் தனி வட்டியிலேயே 17,280 ரூபாய்! இரண்டாவதில் 3 வட்டி என்பது வருடத்துக்கு 36 சதவீதம், எனவே வங்கிதான் குறைவு. மூன்றாவதில் தனி வட்டி என்றால் 20 சதவீதம் சரி. வருடத்துக்கு ஒரு முறை சேரும் கூட்டு வட்டி என்றால் சுமார் 15 சதவீதம்தான்.

கடனைத் தவணையாகக் கட்டும்போது வட்டியை முழு முதலுக்குப் போடுகிறார்களா, குறைந்துவரும் பாக்கிக்குப் போடுகிறார்களா என்பது இன்னொரு பெரிய கேள்வி. அதை அடுத்த இதழில் பார்ப்போம். அதற்குள் உங்கள் குழுவின் தீர்மான நோட்டை எடுத்து, கடைசியாகக் கொடுத்த கடனுக்கு வட்டி எப்படி எழுதியிருக்கிறது என்று ஒரு முறை வாசித்துப் பாருங்கள்.