பழைய லாட்டா, சராசரியா? தீவனக் கணக்குக்கு எது பொருந்தும்

நாமக்கல் பக்கம் முட்டைக்கோழிப் பண்ணை நடத்துகிறவருக்குத் தீவனம்தான் பெருஞ்செலவு. அந்தத் தீவனத்தில் பாதிக்கு மேல் பெரும்பாலும் மக்காச்சோளம். லாரிக்கு லாரி விலை மாறுகிறது. இன்று அரவைக்குப் போன சோளத்துக்கு எந்த லாரியின் விலையைப் போடுவது? இதற்கு விடை தெரியாமல் ஒரு முட்டையின் அடக்கவிலை தெரியாது.

சட்டப்படி நமக்கு முன்னால் இருப்பவை முக்கியமாக இரண்டு வழிகள். முதலில் வந்த லாட் முதலில் போனதாக வைக்கும் ஃபைஃபோ ஒன்று. எடைக்கேற்ற சராசரி மற்றொன்று. கடைசியில் வந்தது முதலில் போனதாகக் காட்டும் முறையை இந்தியக் கணக்கியல் தரம் ஏற்பதில்லை.

புரிவதற்காக எண்களை எளிதாக்கிக்கொள்வோம். ஜூன் 3 அன்று 20 டன், டன் 22,000 ரூபாய். ஜூன் 17 அன்று 15 டன், 24,000. ஜூலை 1 அன்று 20 டன், 25,000. லாரி வாடகையும் இறக்குக் கூலியும் இந்த விலைக்குள்ளேயே சேர்ந்திருக்கின்றன. அரவைக்குப் போனது ஜூன் 10-இல் 12 டன், ஜூன் 20-இல் 14 டன், ஜூலை 4-இல் 12 டன்.

ஃபைஃபோவில் ஜூன் 10-இன் 12 டன்னும் முதல் லாட்டிலிருந்தே போகிறது, 2,64,000 ரூபாய். அதில் 8 டன் மிச்சம். ஜூன் 20-இன் 14 டன்னை ஒரே விலையில் போட முடியாது. அந்த 8 டன்னை 22,000-க்கும், இரண்டாம் லாட்டிலிருந்து 6 டன்னை 24,000-க்கும் எடுக்க வேண்டும், 3,20,000. ஜூலை 4-இல் இரண்டாம் லாட்டின் மீதி 9 டன்னும் மூன்றாவதில் 3 டன்னும் போகின்றன, 2,91,000. கையிருப்பு 17 டன், 4,25,000 ரூபாய். செலவையும் கையிருப்பையும் கூட்டினால் கொள்முதல் தொகையான 13,00,000 அப்படியே வரும். இந்தக் கூட்டுத்தொகை ஒரு ரூபாய் தவறினாலும் எங்கோ ஒரு லாட் இரண்டு முறை எடுக்கப்பட்டிருக்கிறது, அல்லது விடுபட்டிருக்கிறது.

இதையே ஒவ்வொரு லாரி வரும்போதும் சராசரி எடுத்துக் கணக்கிட்டால் கையிருப்பு சுமார் 4,16,050 ரூபாய் ஆகும். வித்தியாசம் ஏறக்குறைய 8,950 ரூபாய். விலை ஏறும் காலத்தில் ஃபைஃபோ லாபத்தைக் கொஞ்சம் கூட்டிக் காட்டும். இறங்கும்போது குறைத்துக் காட்டும். பழைய மலிவுச் சோளத்தின் விலையை வைத்து இன்றைய நெக் முட்டை விலையில் லாபம் பார்ப்பவர்கள் இதை மறக்கக் கூடாது. அடுத்த லாரியை வாங்கலாமா என்ற முடிவுக்கு இன்றைய சந்தை விலை மட்டுமே உதவும்.

முறைகளுக்கிடையே உள்ள இந்த வித்தியாசத்தைவிடப் பெரிய ஓட்டை ஈரப்பதத்தில் இருக்கிறது. 14 சதவீத ஈரத்தோடு வந்த 20 டன் சோளம் 12 சதவீதத்துக்குக் காய்ந்தால் எடை ஏறத்தாழ 19.545 டன்னாகிவிடும். 455 கிலோ எங்கும் போகவில்லை, காற்றோடு போயிற்று. ஆனால் ஏட்டில் அது இருக்கிறது. ஃபைஃபோவில் அந்த இல்லாத சோளம் முதல் லாட்டில் நிற்காது. வரிசை நகர நகர அதுவும் நகர்ந்து, கடைசி லாட்டின் கையிருப்பாக, டன் 25,000 விலையில் 11,375 ரூபாயாக உட்கார்ந்துகொள்ளும். சராசரியிலும் இந்தப் பிழை ஏறக்குறைய இதே அளவுதான்.

இந்தக் குறைவைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. முதல் லாட்டின் கடைசி மூட்டை தீர்ந்த நாளில் ஏட்டைப் பாருங்கள். அதில் இன்னும் சில நூறு கிலோ மிச்சம் காட்டினால், அன்றே எடைக்குறைவாக அந்த லாட்டிலேயே பதிந்து பூஜ்யமாக்குங்கள். இதற்கு லாட் லாட்டாக அடுக்கிய கிடங்கு வேண்டும். சைலோவில் இது நடக்காது. அடிச்சரிவு குறைந்த சைலோவில் நடுவில் குழி விழுந்து, மேலே கொட்டிய புதுச் சோளமே முதலில் இறங்கும். சுவரோரத்துப் பழையது தங்கிவிடும்.

அதனால் என் தீர்ப்பு இது. மூட்டையாக, பெரிய பெரிய லாட்டாக வாங்கி அடுக்குபவர்கள் ஃபைஃபோவைத் தேர்ந்தெடுக்கலாம். தினமும் லாரி வந்து எல்லாம் ஒரே சைலோவில் கலந்துவிடும் தீவன ஆலைக்குச் சராசரியே நேர்மையான கணக்கு.

ஃபைஃபோ வைப்பவர்கள் எடைச்சீட்டு வந்த நாளிலேயே கொள்முதலைப் பதிந்துவிட வேண்டும். பில் தாமதமாகி, பழைய தேதியிட்டு நுழைத்தால், அதற்குப் பிறகு பதிந்த அரவைகளின் விலையெல்லாம் மாறிவிடும். முட்டை அடக்கவிலை போன வாரம் ஒன்று, இந்த வாரம் ஒன்று என்று வரும்.

டேலியில் சரக்கின் மதிப்பீட்டு முறையை `FIFO` என்றோ `Avg. Cost` என்றோ ஒரு சொடுக்கில் மாற்றிவிடலாம். வருமான வரிக்கான ஐசிடிஎஸ் 2 அதற்கு இடம் தரவில்லை; தக்க காரணமின்றி முறையை மாற்றக் கூடாது என்கிறது. ஆடிட்டரிடம் பேசி, ஏப்ரல் 1-க்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள்.