மங்கிய கடைசி விளக்குகள்

தீபாவளிக்காக ஒரு வீட்டின் மாடியில் 10 மீட்டர் நீள எல்.இ.டி. பட்டை கட்டப்பட்டது. 12 வோல்ட் அடாப்டர் ஒரு முனையில் மட்டும் இணைக்கப்பட்டது. அம்முனை பளிச்சென்று ஒளிர்ந்தது, மறுமுனையோ மங்கியது.

விளக்குகள் பழுதாகவில்லை. பட்டையினுள் ஓடும் செம்புத் தகடு மிக மெல்லியது. அது மின்னோட்டத்தைத் தடுப்பதால் மின்னழுத்தம் வழிநெடுகக் குறைகிறது. மறுமுனையில் மல்டிமீட்டர் 10.5 வோல்ட் காட்டியது.

ஒன்றரை வோல்ட் குறைவுக்கு இவ்வளவு மங்கலா? இவ்வெள்ளைப் பட்டையில் மூன்று விளக்குகளும் ஒரு மின்தடையும் சேர்ந்து ஒரு தொகுதியாகும். விளக்குகளே ஏறத்தாழ 9 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும். மின்தடைக்கு எஞ்சுவது தொடக்கத்தில் 3 வோல்ட், கடைசியில் 1.5 வோல்ட். ஆகவே மின்னோட்டம் ஏறக்குறைய பாதியாகிறது.

அதே அடாப்டரிலிருந்து தடித்த கம்பிகளால் மறுமுனையையும் இணைத்தபோது மங்கல் பெரிதும் நீங்கியது.

வினா: கடைசி விளக்குகளை மட்டும் மாற்றினால் மங்கல் நீங்குமா? காரணம் எழுதுக.