வாய்மொழியில் தந்த ஊதிய உயர்வு

1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, வாய்மொழி ஒப்பந்தமும் பொதுவாகச் செல்லும். ஆனால் வாக்கு தெளிவாக இருக்க வேண்டும். அதற்கு ஈடாகத் தொழிலாளியும் ஏதேனும் கொடுத்திருக்க வேண்டும்.

கோவைப் பட்டறைத் தொழிலாளி ஒருவர், முதலாளி சம்பளத்தைக் கூட்டுவதாகச் சொல்லி ஏமாற்றிவிட்டார் என்று நண்பரிடம் குறைபட்டார்.

"என்ன வார்த்தை சொன்னார்?" என்று கேட்டார் நண்பர்.

"வேற வேலைக்குப் போகாதே, தை மாசத்திலிருந்து 2,000 ரூபாய் கூட்டித் தர்றேன்னார். நானும் வந்த வேற வேலையை விட்டுட்டேன்."

"அப்ப கேட்க உரிமை இருக்கு. 'பார்த்துச் செய்யறேன்'னு மட்டும் சொல்லியிருந்தா நிக்காது."

முதல் வாக்கில் தொகையும் காலமும் உள்ளன. முதலாளி கேட்டதற்காக வேறு வேலையை விட்டது ஈடாகிறது. இரண்டாவதில் பொருள் நிச்சயமில்லை. அத்தகைய உடன்பாடு செல்லாது.

சிக்கல் சாட்சியத்தில்தான். கவனிக்க வேண்டியவை:

• பேசிய அன்றே, "தை முதல் 2,000 ரூபாய் கூட்டித் தருவதாகச் சொன்னீர்கள், நன்றி" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பி, பதிலைச் சேமிக்க வேண்டும்.
• சொன்னவர் மேற்பார்வையாளர் என்றால், சம்பளத்தை முடிவுசெய்யும் அதிகாரம் அவருக்கு உண்டா என்று பார்க்க வேண்டும்.
• நிலுவைச் சம்பளத்துக்கு வழக்குத் தொடர, அது தர வேண்டிய நாளிலிருந்து 3 ஆண்டுகளே காலவரம்பு.