திட்ட அறிக்கையில் மானியத்தின் இடம்

கசார்வாடியில் இட்லி மாவு அரைத்து விற்கும் கூடம் தொடங்க விழைபவர், பிரதம மந்திரியின் குறு உணவு பதப்படுத்தும் நிறுவனங்கள் திட்டத்தில் விண்ணப்பிப்பதாகக் கொள்வோம். நிலத்தின் விலை நீங்கலாகத் திட்டச் செலவு ரூ. 8 லட்சம் எனில், சொந்தப் பங்கு குறைந்தது 10 சதவீதம், அதாவது ரூ. 80,000, வங்கிக் கடன் ரூ. 7.20 லட்சம், 35 சதவீத மானியம் ரூ. 2.80 லட்சம்.

அறிக்கையில் பிழை நேர்வது இதன் பின்னரே. மானியத்தைத் தொடக்கத்திலேயே கழித்து, ரூ. 4.40 லட்சத்துக்கு மட்டும் தவணை கணக்கிட்டுவிடுவர். மானியமோ வங்கியில் தனிக் கணக்கில் இருத்தப்படும். கடனின் இறுதிப் பகுதி வழங்கப்பட்டு 3 ஆண்டுகள் கழிந்த பின்னும் கடன் கணக்கு ஒழுங்காக இருந்து, கூடமும் இயங்கிவந்தால்தான் அது கடனில் வரவு வைக்கப்படும். ஆகவே, அதுவரை ரூ. 7.20 லட்சத்துக்குரிய தவணையையே பணவரத்து அட்டவணையில் காட்டுதல் வேண்டும். கோடையில் புளித்துத் திரும்பிவரும் மாவுப் பொட்டலங்களையும் கழித்த பிறகு, விற்பனை அத்தவணையைத் தாங்குமா என்பதை அவ்வட்டவணை காட்டிவிடும்.