மறுப்பு மடல் எழுதுதல்

கொடைக்கானலை அடுத்த வில்பட்டியில் மலைப்பூண்டும் கேரட்டும் விளையும் படிக்கட்டு நிலங்கள் மிகுதி. அவ்வூரைச் சேர்ந்த தோட்டக்கலைப் பட்டதாரி ஒருவருக்குக் கோயம்புத்தூரில் உள்ள காய்கறிக் குளிர்பதன நிறுவனம் ஒன்று தர ஆய்வாளர் பணி வழங்குகிறது எனக் கொள்வோம். மே 20ஆம் நாளுக்குள் இசைவு தெரிவிக்க வேண்டும். தந்தை நோயுற்றதால் இரண்டு பருவங்களுக்கு நிலத்தை அவரே கவனித்தாக வேண்டும். பணியிலோ அவருக்கு உண்மையான விருப்பம் உண்டு. மே 13 அன்றே அவர் எழுதிய மின்னஞ்சல் இது:

பொருள்: தர ஆய்வாளர் பணி – ஏற்க இயலாமை

மதிப்பிற்குரிய ஐயா,
வணக்கம். தர ஆய்வாளர் பணிக்கு என்னைத் தேர்ந்தெடுத்தமைக்கு நன்றி. குடும்பச் சூழல் காரணமாக இப்பணியை என்னால் ஏற்க இயலவில்லை. நேர்காணலின்போது குளிர்பதனக் கிடங்கைச் சுற்றிக் காட்டி, பூண்டைத் தரம் பிரிக்கும் முறையைத் தாங்கள் விளக்கியது எனக்குப் பெரிதும் பயன்பட்டது. அடுத்த ஆண்டு சூன் மாதத்திற்குப் பின் வெளியூரில் பணியாற்ற இயலும். அப்போது தகுந்த பணியிடம் இருப்பின் மீண்டும் விண்ணப்பிக்க விரும்புகிறேன்.
தங்கள் உண்மையுள்ள,
(பெயர், கைப்பேசி எண்)

மறுப்பு இரண்டாம் தொடரிலேயே வந்துவிடுவதைக் காண்க. 'இப்போதைக்குச் சற்றுக் கடினம்' என்று அவர் எழுதியிருந்தால், ஊதியத்தை உயர்த்தக் கேட்கிறார் என்றே நிறுவனம் கருதியிருக்கும். நாள் இருக்கும்போதே எழுதியதால், பட்டியலில் அடுத்து நிற்பவரை அழைக்க அவர்களுக்கு ஒரு வாரம் கிடைக்கிறது. தந்தையின் நோயை விரித்துரைக்கவில்லை; அதை அறியும் தேவை நிறுவனத்திற்கு இல்லை. வேறு பணி கிடைத்ததாகப் பொய்க் காரணம் கூறவும் இல்லை.

'எதிர்காலத்தில் வாய்ப்புக் கிடைத்தால் மகிழ்வேன்' என்னும் தொடர் எல்லா மறுப்பு மடல்களிலும் வருவது. படிப்பவர் அதை வெறும் உபசாரமாகவே கொள்வார். இம்மடலில் கதவைத் திறந்து வைப்பவை கிடங்கைப் பற்றிய நினைவும், 'அடுத்த ஆண்டு சூன்' என்னும் காலக்குறிப்பும் ஆகும். எனினும் இக்குறிப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தாது. பணியிடத்தை ஒதுக்கி வைக்குமாறு அவர் கேட்கவுமில்லை. மீண்டும் சேரும் எண்ணம் இல்லாதவர் மடலின் இறுதி மூன்று தொடர்களையும் விட்டுவிடலாம். நன்றியும் மறுப்பும் போதும்.

இசைவுக் கடிதத்தில் முன்னரே கையொப்பமிட்டவருக்கு இம்முறை பொருந்தாது. அவர் தருவது மறுப்பன்று, வாக்கிலிருந்து பின்வாங்குதல்; முதலில் தொலைபேசியில் பேசி வருத்தம் தெரிவித்து, அதன் பின்னரே எழுத வேண்டும்.

மடலைப் புதிதாகத் தொடங்காமல், பணி வழங்கிய மின்னஞ்சலுக்கு மறுமொழியாகவே அவர் அனுப்பினார். அடுத்த ஆண்டு அதே தொடர்ச்சியில் எழுதும்போது, பொறுப்பில் புதியவர் அமர்ந்திருந்தாலும், தேர்வும் மறுப்பும் அவர் கண்முன் கீழேயே இருக்கும்.